கஷ்டமானது முதலிலா, சுலபமானது முதலிலா? பிளஸ் டூ மாலைப் படிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுப்பவன். பாடத்தில் வரும் சந்தேகத்துக்கு அடுத்தபடியாக என்னிடம் அதிகம் கேட்கப்படுவது, எந்தப் பாடத்தை எப்போது எடுப்பது என்பதுதான். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளைக் கேட்டவர்கள் வார்த்தையிலேயே இங்கே போட்டிருக்கிறேன். தமிழ், ஆங்கிலம், கணக்கு, இயற்பியல், வேதியியல், உயிரியல் என்ற ஆறு பாடக்காரர்களை மனதில் வைத்து எழுதியது. மற்ற பிரிவுக்காரர்கள் பாடப் பெயரை மாற்றிக்கொண்டால் போதும்.

சார், கஷ்டமானதை முதல்ல எடுக்கணுமா, ஈஸியானதையா? ஒரே வரியில சொல்லுங்க.

பள்ளி நாளின் மாலையில் சின்னதாக ஒரு சுலப வேலை, உடனே கஷ்டமானது. விடுமுறை நாளின் காலையில் நேராகக் கஷ்டமானது. ஆனால் நாளைக்கே கொடுக்க வேண்டியது ஏதாவது இருந்தால் இந்த இரண்டையும் மறந்துவிட்டு அதற்கு முதலில் நேரம் ஒதுக்குங்கள். தேதி முதலில், தெம்பு அடுத்தது.

ஒரே வரி கேட்டீர்கள், மூன்று வரியாகிவிட்டது. மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்தான்.

எனக்கு எல்லாப் பாடமுமே கஷ்டம்தான் சார். அப்போ எதை 'கஷ்டம்'னு வச்சுக்கறது?

கஷ்டம் மூன்று விதம். மூன்றையும் ஒரே பெயரில் கூப்பிடுவதால்தான் குழப்பம்.

முதலாவது, யோசிக்க வேண்டிய கஷ்டம். ஒரு 3×3 அணிக்கு நேர்மாறு கண்டுபிடிக்கிறீர்கள் என்று வையுங்கள். ஒன்பது இணைக்காரணிகள், கூட்டல் கழித்தல் குறி மாறி மாறி வரும், அப்புறம் இடமாற்றம் செய்து சேர்ப்பு அணி எழுத வேண்டும், கடைசியில் அணிக்கோவையின் மதிப்பால் வகுக்க வேண்டும். நடுவில் ஒரு குறி தவறினால் அடியில் வருவதெல்லாம் தவறு. தலை களைத்திருக்கும்போது முதலில் அடி வாங்குவது இந்த வகை வேலைதான். இயற்பியலில் சமன்பாட்டைத் தருவிப்பதும் இதே இனம்.

இரண்டாவது, மனதில் ஏற்ற வேண்டிய கஷ்டம். கரிம வேதியியலின் பெயர் வினைகள், உயிரியலின் படங்களும் பாகங்களும், தமிழில் மனப்பாடப் பாடல். இதற்கு ஒரே மூச்சான தெளிவு அவ்வளவு தேவையில்லை. சின்னச் சின்னத் துண்டாக, பல தடவை தொட வேண்டும்.

மூன்றாவது, பிடிக்காத கஷ்டம். பாடம் நிஜத்தில் சுலபமாகவே இருக்கும், ஆனால் புத்தகத்தைப் பார்த்தாலே கை பின்வாங்கும். இதை அடையாளம் காண ஒரு வழி உண்டு. உட்கார்ந்து பத்து நிமிடம் ஆன பிறகும் கஷ்டமாக இருந்தால் அது முதல் வகை. பத்து நிமிடத்தில் ஓட ஆரம்பித்துவிட்டால் இந்த வகை.

நல்ல தெம்பான நேரத்தை முதல் வகைக்கு மட்டும் செலவு செய்யுங்கள். மூன்றாவது வகைக்கு உங்களுடைய சிறந்த ஒரு மணி நேரத்தைக் கொடுப்பது வீண். யாராவது பக்கத்தில் உட்கார்ந்து படிக்கும் நேரத்துக்கு அதைத் தள்ளிவிடுங்கள், நடந்துவிடும்.

ஸ்கூல் விட்டு வந்ததும் மண்டை காலியா இருக்கு. வீட்ல 'கணக்கை முதல்ல முடி'ன்னு சொல்றாங்க. உட்கார்ந்தா ஒண்ணும் ஏறமாட்டேங்குது.

ஏறாதுதான். காலை ஒன்பதரையிலிருந்து எட்டுப் பீரியட், அப்புறம் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்திருப்பீர்கள். அந்த நிலையில் இணைக்காரணி எழுதினால் ஐந்தில் இரண்டு குறி தவறும். தவறிய கணக்கைத் தேடித் திருத்துவதற்குப் புதிதாகப் போடுவதைவிட அதிக நேரம் போகும்.

கை கால் கழுவி, ஏதாவது சாப்பிட்டு, அரை மணி நேரம் புத்தகத்தைத் தொடாமல் இருங்கள். கைபேசியையும் தொடாமல் இருந்தால் அது ஓய்வு. தொட்டால் அது இன்னொரு பீரியட். அப்புறம் பதினைந்து, இருபது நிமிடத்தில் முடியக்கூடிய ஒரு சின்ன வேலையை எடுங்கள். ஒரு பாடத்தின் ஒரு மதிப்பெண் வினாக்களைப் பார்க்காமல் எழுதிச் சரிபார்ப்பது இதற்கு நன்றாகப் பொருந்தும். அது முடிந்ததும் எழுந்திருக்காமல் கணக்கு.

அந்தச் சின்ன வேலை முழுசாக முடியக்கூடியதாக இருப்பது முக்கியம். பாதியில் விட்ட வேலையின் நினைப்பு அடுத்த வேலைக்குள்ளும் கூடவே வரும். சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் வெளியிட்ட கட்டுரையில் இதற்குக் 'கவன மிச்சம்' என்று பொருள்படும் ஒரு பெயர் வைத்தார். வேதியியல் பாடத்தைப் பாதி படித்துவிட்டுக் கணக்குக்கு வரும் பையனை நான் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன். கேள்வியை மூன்று தடவை படிப்பான்.

எனக்கு எந்த நேரத்துல மூளை நல்லா வேலை செய்யும்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? ராத்திரிதான் நல்லா இருக்குன்னு தோணுது.

தோன்றுவதை நம்பாதீர்கள். நோட்டைக் கேளுங்கள்.

ஒரு வாரம் கணக்கு போடும்போது ஒவ்வொரு கணக்கின் ஓரத்திலும் ஆரம்பித்த நேரத்தைப் பென்சிலால் எழுதுங்கள். விடை சரிபார்க்கும்போது தவறு எந்த இனம் என்று ஒரு எழுத்தில் குறியுங்கள். வழி தெரியாமல் விட்டதற்கு 'வ', வழி தெரிந்தும் குறியிலோ கூட்டலிலோ கோட்டை விட்டதற்கு 'க'. வாரக் கடைசியில் 'வ'வை விட்டுவிட்டு 'க' எல்லாம் எந்த மணியில் குவிந்திருக்கிறது என்று மட்டும் பாருங்கள். வழி தெரியாதது பாடத்தின் குறை. கவனக்குறைவு பெரும்பாலும் களைப்பு.

போன வருடம் ஒரு மாணவி இப்படி எழுதிக் கொண்டுவந்தாள். இரவுதான் தனக்கு ராசி என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தவள். ஏழு மணியிலிருந்து எட்டரை வரை போட்ட பக்கங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாக 'க'. ஒன்பதேகாலுக்கு மேல் போட்ட பக்கத்தில் கழித்தல் குறி வரிசையாக விடுபட்டிருந்தது. கையெழுத்தே சாய ஆரம்பித்திருந்தது. இரவில் வீடு அமைதியாக இருப்பதை அவள் தன் மூளை தெளிவாக இருப்பதாக எடுத்துக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் பதின்ம வயதில் உடலின் கடிகாரம் பெரியவர்களைவிடத் தள்ளிப்போய் ஓடுவதும் உண்மை. தூக்கமே தாமதமாகத்தான் வரும். ஆகவே உங்கள் 'க' உண்மையிலேயே இரவில் குறைவாக இருந்தால் இரவிலேயே கணக்கு போடுங்கள். அம்மாவிடம் நோட்டைக் காட்டுங்கள்.

நாளைக்கு கெமிஸ்ட்ரி டெஸ்ட், வியாழன் பிசிக்ஸ் ரெக்கார்டு, வெள்ளி மேத்ஸ், சனி பயாலஜி யூனிட் டெஸ்ட். இன்னிக்கு எதுல ஆரம்பிக்கட்டும்?

இந்தக் கேள்வியை அனுப்பிய பையனிடம் எது எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று திருப்பிக் கேட்டேன். வேதியியலுக்கு ஒன்றரை மணி, ரெக்கார்டு நோட்டுக்கு இரண்டு மணி, கணக்குப் பயிற்சிக்கு இரண்டரை மணி, உயிரியலுக்கு மூன்று மணி என்றான். அன்று செவ்வாய்க்கிழமை. ஒரு மாலையில் அவனுக்கு உருப்படியாகக் கிடைப்பது இரண்டரை மணி நேரம். இது உட்காரும் நேரமில்லை, படிக்கும் நேரம். செவ்வாய் முதல் வெள்ளி வரை நான்கு மாலைக்குப் பத்து மணி. வேலை ஒன்பது மணி.

இங்கே கஷ்டமானது முதலில் என்று போனால் என்ன ஆகும்? அவனுக்குக் கஷ்டம் கணக்கு. செவ்வாய் இரண்டரை மணியும் கணக்குக்கே போய்விடும். மறுநாள் வேதியியலுக்கு வெறுங்கையோடு போவான். சரி, சுலபமானது முதலில் என்றால்? ரெக்கார்டு எழுதுவது சுலபம், இரண்டு மணி நேரம் போகும், வேதியியலுக்கு அரை மணிதான் மிஞ்சும். ஒரே நாளில் இரண்டு விதியும் அவனைக் கவிழ்க்கின்றன.

ஆகவே முதலில் தேதி வரிசையில் அடுக்கிக் கூட்டிக்கொண்டே வர வேண்டும். புதன் காலைக்குள் ஒன்றரை மணி வேலை, கையில் இருப்பது இரண்டரை. வியாழனுக்குள் மூன்றரை, கையில் ஐந்து. வெள்ளிக்குள் ஆறு, கையில் ஏழரை. சனிக்குள் ஒன்பது, கையில் பத்து. எங்கேயும் முட்டவில்லை. தேதி வரிசையில் செய்தும் முட்டினால் வேறு எந்த வரிசையில் செய்தாலும் ஏதோ ஒன்று முட்டத்தான் செய்யும். ஜாக்சன் என்பவர் 1955இல் இதைத் தொழிற்சாலை இயந்திரத்தின் முன்னால் நிற்கும் வேலைகளுக்காக நிறுவிக்காட்டினார். பிளஸ் டூ பையனின் மேசையும் அப்படி ஒரு இயந்திரம்தான்.

இந்தக் கூட்டலில் இன்னொன்றும் தெரிகிறது. செவ்வாய் மாலை ஒரு மணி நேரம் உபரி. தெம்பைப் பார்த்து வரிசையை மாற்றும் உரிமை அந்த உபரிக்குள் மட்டும்தான். அதனால் அவனுக்கு இப்படிப் போட்டுக்கொடுத்தேன். செவ்வாய் தலை தெளிவாக இருக்கும் முதல் ஒரு மணி கணக்கு, அலாரம் அடித்ததும் நடுக்கணக்கில் இருந்தாலும் மூடிவிட்டு ஒன்றரை மணி வேதியியல். புதன் உயிரியல் அரை மணி, ரெக்கார்டு இரண்டு மணி. வியாழன் மிச்சக் கணக்கு ஒன்றரை மணி, உயிரியல் ஒரு மணி. வெள்ளி உயிரியல் ஒன்றரை மணி, ஒரு மணி கையிருப்பு. உயிரியல் மூன்று இரவுகளில் பிரிந்து விழுந்ததைக் கவனியுங்கள். மனதில் ஏற்றும் பாடம் ஒரே இரவில் மூன்று மணி படிப்பதைவிட இப்படித் தொட்டுத் தொட்டுப் படித்தால்தான் நிற்கும்.

இதில் ஆபத்து எங்கே என்றால் அந்த அலாரத்தில். அலாரத்துக்கு மூடும் பழக்கம் இல்லாதவர்கள் செவ்வாய் அன்று வேதியியலை முடித்துவிட்டே கணக்கைத் தொடுங்கள்.

கூட்டிப் பார்த்தேன் சார், பத்தலை. புதன்கிழமை வீட்ல விசேஷம், ஒண்ணும் படிக்க முடியாது.

அப்போது எதையாவது விடத்தான் வேண்டும். எதை விடுவது என்பதற்கும் வழி இருக்கிறது. தேதி வரிசையில் கூட்டிக்கொண்டே வாருங்கள். முட்டும் இடத்தில் நின்று, அதுவரை சேர்த்த வேலைகளில் எது மிக நீளமோ அதைத் தூக்கிக் கடைசியில் போடுங்கள். மூர் என்பவர் 1968இல் காட்டிய முறை இது. தாமதமாகும் வேலைகளின் எண்ணிக்கை இதைவிடக் குறைய வழியில்லை.

அதே பையனின் கணக்கிலேயே பார்ப்போம். புதன் மாலை போய்விட்டது. வியாழனுக்குள் வேதியியலும் ரெக்கார்டும் சேர்த்து மூன்றரை மணி வேலை, கையில் செவ்வாயின் இரண்டரை மட்டும். முட்டுகிறது. இரண்டில் நீளமானது ரெக்கார்டு, அதை ஒதுக்குங்கள். இப்போது வெள்ளிக்குள் வேதியியலும் கணக்கும் நான்கு மணி, கையில் ஐந்து. சனிக்குள் ஏழு, கையில் ஏழரை. மூன்று வேலை நேரத்துக்கு முடிகிறது, ஒன்று மட்டும் தாமதம். ஒதுக்காமல் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் செய்யப் பார்த்திருந்தால் நான்குமே அரைகுறையாக நின்றிருக்கும்.

ஆனால் இந்த முறைக்கு எல்லா வேலையும் ஒரே எடை. நிஜத்தில் அப்படி இல்லை. வகுப்புத் தேர்வு தேதி நகராது, ரெக்கார்டு தேதி கேட்டால் சில சமயம் நகரும். அதனால் புதன்கிழமையே போய் "சார், வீட்ல விசேஷம், திங்கட்கிழமை வச்சிடறேன்" என்று சொல்லிவிடுங்கள். வியாழக்கிழமை நோட்டைக் கேட்ட பிறகு அதே வாக்கியத்தைச் சொன்னால் அது சாக்காகிவிடும். ஒதுக்க வேண்டியது நகராத வேலை என்று தெரிந்தால் அதை வைத்துக்கொண்டு, மிச்சத்தில் நகரக்கூடியதை ஒதுக்குங்கள்.

ஈஸியானதை முதல்ல முடிச்சா ஒரு திருப்தி வருது. அது தப்பா?

தப்பில்லை, இருபது நிமிடத்துக்குள் இருந்தால்.

என்னிடம் படித்த ஒரு பையனின் இயற்பியல் ரெக்கார்டைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு சோதனைக்கும் தலைப்பு இரண்டு நிற ஸ்கெட்ச் பேனாவில், அடியில் இரட்டைக் கோடு, சுற்று வரைபடத்தில் ஸ்கேல் வைத்துப் போட்ட மின்தடைகள். அவ்வளவு அழகு. அவன் கணக்கு நோட்டில் அந்த மாதம் நாலு பக்கம்தான் நிரம்பியிருந்தது. தினமும் ஆறரைக்கு 'சுலபமான' ரெக்கார்டில் ஆரம்பித்து, எட்டரைக்குக் களைத்துப்போய்க் கணக்கைத் திறந்திருக்கிறான். சுலபமான வேலைக்கு முடிவு கிடையாது, இன்னும் கொஞ்சம் அழகாக்கலாம் என்று இழுக்கும். இதை அவன் சோம்பலால் செய்யவில்லை. மாலை முழுக்க மேசையை விட்டு எழவில்லை என்பதுதான் வேடிக்கை.

சுலப வேலைக்கு ஆரம்பிக்கும் நேரத்தைக் குறிக்காதீர்கள், முடிக்கும் நேரத்தைக் குறியுங்கள்.

என் பையனை விடியற்காலை 4 மணிக்கு எழுப்பிக் கணக்கு போடச் சொல்றேன். அதுதானே நல்ல நேரம்?

அவர் எத்தனை மணிக்குப் படுக்கிறார் என்பதுதான் கேள்வி. இந்த வயதுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் தூக்க மருத்துவர்கள். பத்தரைக்குப் படுத்து நாலுக்கு எழுந்தால் ஐந்தரை மணிதான். அந்தக் கடன் பள்ளியில் மூன்றாவது பீரியடில் வசூலாகும்.

எழுந்த உடனே மூளை முழுசாக விழிப்பதில்லை. பதினைந்து நிமிடத்திலிருந்து அரை மணி வரை ஒரு மப்பு இருக்கும். அதில் கணக்கைக் கொடுத்தால் பையன் மந்தம் என்று நீங்களே முடிவு கட்டிவிடுவீர்கள். முகம் கழுவி, முந்தின இரவு படித்ததை ஒரு தடவை பார்க்காமல் சொல்லிப் பார்க்கட்டும். அப்புறம் கணக்கு. ஒன்பதுக்கே படுத்து ஐந்துக்கு எழுகிற பிள்ளை என்றால் விடியற்காலை அருமையான நேரம்தான், அதில் எனக்கு மறுப்பே கிடையாது.

ராத்திரி கடைசியா எந்தப் பாடம் வைக்கலாம்?

மனதில் ஏற்றும் பாடம். படித்தது தூக்கத்தில்தான் கெட்டிப்படுகிறது, நடுவில் வேறு பாடம் வந்து மேலே விழுவதும் இல்லை. அரை மணி போதும், புதிய பாடமாக இருக்க வேண்டாம்.

ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே சாயலில் இருக்கும் இரண்டை அடுத்தடுத்து வைக்காதீர்கள். ஆல்கஹால் வினைகளையும் ஆல்டிஹைடு வினைகளையும் ஒட்டி மனப்பாடம் செய்தால், தேர்வில் இதன் வினைப்பொருளை அதற்கு எழுதிவிட்டு வருவீர்கள். நடுவில் ஆங்கிலக் கட்டுரையோ நாலு கணக்கோ இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமைக்கும் இதே வரிசையா?

இல்லை. காலை டிபன் முடிந்ததும் நேராகக் கணக்கோ இயற்பியலோ, சின்ன வேலை எதுவும் வேண்டாம். மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை எல்லோருக்கும் ஒரு சரிவு உண்டு. சாப்பாடு அதைக் கூட்டும், ஆனால் சாப்பிடாவிட்டாலும் வரும். அந்த நேரத்துக்குப் படம் வரைவது, ரெக்கார்டு எழுதுவது மாதிரி கை வேலையை வையுங்கள். இல்லை, இருபது நிமிடம் தூங்குங்கள்.

கஷ்டமானதை முதல்ல எடுத்தேன், ஒரே கணக்குல மாட்டிக்கிட்டு எட்டேகால் ஆயிடுச்சு. மத்ததெல்லாம் போச்சு.

கஷ்டமானதை முதலில் எடுப்பவர்களுக்கு வரும் விபத்து இது. ஆரம்பத்தில் நானும் எல்லோரிடமும் 'கஷ்டமானது முதலில்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்படி நாலைந்து பேர் வந்து நின்ற பிறகுதான் கூடவே ஒரு நிபந்தனை சேர்த்தேன்.

ஒரு கணக்கில் பதினைந்து நிமிடம் எந்த வரியும் நகரவில்லை என்றால் நிறுத்துங்கள். நிறுத்துமுன் இரண்டு விஷயம் எழுதிவையுங்கள்: எந்த வரி வரை நிச்சயமாகச் சரி, எந்த இடத்தில் என்ன தெரியவில்லை. 'கணக்கு 7 வரவில்லை' என்று எழுதினால் போதாது. 'அணிக்கோவை மதிப்பு பூச்சியம் வருகிறது, அப்புறம் நேர்மாறு எப்படி?' என்று எழுத வேண்டும். இப்படி எழுதும்போதே பாதிப் பேருக்கு விடை தெரிந்துவிடும். பூச்சியம் என்றால் நேர்மாறே கிடையாது, எனவே முன்னால் ஏதோ ஒரு குறியை விட்டிருக்கிறீர்கள், இல்லை வேறு முறையில் போட வேண்டிய கணக்கு அது. தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அந்த வரியைக் காட்டினால் மறுநாள் டியூஷனில் இரண்டு நிமிடத்தில் முடியும். நீங்கள் அடுத்த கணக்குக்குப் போங்கள்.